நூறு சதவீத வேலை, ஒரு எம்பி வேகம்

ஏழெட்டு வருடம் ஓடிய லேப்டாப் ஒன்றை ஆன் செய்து, திரை வந்ததும் Ctrl, Shift, Esc மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்று ஒரு பத்தி இருக்கும். உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால் அந்தப் பத்தியின் தலையில் 100% என்று அடர் நிறத்தில் நிற்கும், நிமிடக்கணக்கில் இறங்காது. அதே நேரம் எவ்வளவு தரவு உண்மையில் நகர்கிறது என்று பார்த்தால் நொடிக்கு 1 எம்பி, மிஞ்சினால் 2 எம்பி. அந்த ஹார்ட் டிஸ்க்கால் நொடிக்கு 100 எம்பி படிக்க முடியும் என்பது பொய்யல்ல. பெரிய சினிமா கோப்பு ஒன்றை நகலெடுத்தால் அந்த வேகத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படியானால் இப்போது முழு மூச்சாக வேலை செய்துகொண்டே ஏன் நூறில் ஒரு பங்கைத் தருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், எஸ்எஸ்டி போடுவதா வேண்டாமா, எதை வாங்குவது, எவ்வளவு செலவழிப்பது என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் கண்ணாடி அல்லது அலுமினியத்தால் ஆன வட்டத் தட்டு சுழல்கிறது. லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90 சுற்று. தட்டின் விளிம்பு மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதன்மேல் ஒரு கை, கையின் நுனியில் படிக்கும் தலை. ஒரு தரவு வேண்டும் என்று கேட்டால், முதலில் கை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சராசரியாக 12 மில்லி நொடி ஆகிறது. பிறகு வேண்டிய இடம் சுழன்று தலைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லி நொடி என்பதால் சராசரிக் காத்திருப்பு ஐந்தரை. இரண்டையும் கூட்டினால் பதினேழு, பதினெட்டு. ஆக, ஒரு நொடியில் இப்படி அறுபதுக்கும் குறைவான தடவைதான் அந்தக் கையால் இடம் மாறிப் படிக்க முடியும்.

சினிமா கோப்பு தட்டில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கை ஒருமுறை நகர்ந்தால் போதும், பிறகு தட்டு சுற்றச் சுற்றத் தரவு கொட்டும். விண்டோஸ் எழும்பும்போது நடப்பது அதுவல்ல. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள், அமைப்புப் பதிவுகள், எழுத்துருக்கள், ஆன்டிவைரஸ் பட்டியல் என்று தட்டின் மூலை முடுக்கெல்லாம் சிதறிக் கிடப்பவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஒவ்வொன்றும் 4 கேபி, 16 கேபி அளவுதான். ரேஷன் கடையில் அரிசி வாங்கியபின் சர்க்கரைக்கு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கச் சொன்னால் எப்படியோ அப்படி. எடைபோடும் நேரம் அற்பம், நிற்கும் நேரம்தான் எல்லாம். நொடிக்கு அறுபது முறை, முறைக்கு 16 கேபி என்றால் மொத்தம் சுமார் 1 எம்பி. டாஸ்க் மேனேஜர் காட்டிய அந்த விசித்திரக் கணக்கு இதுதான். டிஸ்க் சோம்பிக் கிடக்கவில்லை. நூறு சதவீத நேரமும் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது.

இது ஏதோ ஒரு கம்பெனியின் குறை அல்ல, சுழலும் தட்டின் இயல்பு. ஐபிஎம் 1956இல் வெளியிட்ட ரேமாக் என்ற முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. கொள்ளளவு சுமார் 5 எம்பி. ஒரு தரவைத் தேடி எடுக்க அதற்கு 600 மில்லி நொடி ஆனது. இன்று உள்ளங்கை அளவு லேப்டாப் டிஸ்க்கில் 1 டிபி கொள்கிறது. இடம் இரண்டு லட்சம் மடங்கு பெருகியிருக்கிறது, தேடும் நேரமோ முப்பத்தைந்து மடங்குகூடக் குறைந்திருக்காது. இரும்புக் கையையும் மோட்டாரையும் அதற்குமேல் விரட்ட முடியவில்லை.

எஸ்எஸ்டியில் கையும் இல்லை, சுழற்சியும் இல்லை. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்காவின் குழு 1987இல் அறிமுகப்படுத்திய நாண்ட் ஃபிளாஷ் என்ற சில்லு வகைதான் பென் டிரைவிலும் மொபைலிலும் எஸ்எஸ்டியிலும் இருப்பது. நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைத்து, அடைபட்டிருக்கும் அளவை வைத்து எண்ணைப் படிக்கிறது. எந்த அறையைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஒரு சின்ன வாசிப்பை 0.1 மில்லி நொடியில் முடித்துவிடும்.

ஒரு பேச்சுக்கு, லேப்டாப் எழும்பி பிரவுசர் திறக்கும்வரை பத்தாயிரம் சிதறிய வாசிப்புகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஹார்ட் டிஸ்க்கில் 17 மில்லி நொடி வீதம் 170 நொடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம். எஸ்எஸ்டியில் 0.1 வீதம் 1 நொடி. நடைமுறையில் விண்டோஸ் சிலவற்றை முன்கூட்டியே சேர்த்துப் படித்துவைக்கும், பிராசஸருக்கும் தன் பங்கு வேலை உண்டு. அதனால் 170 மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று நான்கு நிமிடம் அரை நிமிடத்துக்குள் வரும். அது போதும்.

இங்கேதான் விளம்பரம் நம்மைத் திசைதிருப்புகிறது. எஸ்எஸ்டி பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 550 எம்பி என்று போட்டிருக்கும். பக்கத்திலேயே என்விஎம்இ வகை 3500, 7000 என்று மார்தட்டும். இவை எல்லாம் சினிமா கோப்பு வேகங்கள், வரிசையாகப் படிக்கும்போது வருபவை. பழைய லேப்டாப்புக்கு உயிர் கொடுப்பது அந்த எண் அல்ல, காத்திருப்பு 17இலிருந்து 0.1க்கு இறங்குவது. அந்தக் குறைவு மலிவான சாட்டா எஸ்எஸ்டியிலேயே கிடைத்துவிடுகிறது. 2010 வாக்கில் வந்த சில லேப்டாப்களில் சாட்டா இணைப்பே பழைய வகை, அதில் 550க்குப் பதில் 270 எம்பிதான் தாண்டும். கடைக்காரர், “உங்க லேப்டாப்புக்கு இது வேஸ்ட் சார், பாதி ஸ்பீடுதான் வரும்” என்று சொல்லக்கூடும். சொல்வது சரி, முடிவு தவறு. பாதியாகக் குறைவது நமக்கு அவ்வளவாக வேண்டாத பாதி.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி பல வீடுகளுக்கு உரியது. 2011இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்குப் போன பல லட்சம் லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்தான் இருந்தது. அவற்றில் நிறைய இன்றும் பரணில் தூங்குகின்றன. திறக்க இத்தனை நேரம் ஆனால் யார் தொடுவார்கள்? எங்கள் தெருவில் அப்படி ஒன்றைச் சரிசெய்தோம். அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கியது, இப்போது தம்பிக்கு வேண்டும். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பொத்தானை அழுத்தி பிரவுசர் பயன்பாட்டுக்கு வர நான்கு நிமிடத்துக்கு மேல்.

எதையும் வாங்குமுன் பார்க்க வேண்டியது, குற்றவாளி டிஸ்க்தானா என்பது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பத்தியையும் பார்க்க வேண்டும். 2 ஜிபி ரேம் மட்டும் உள்ள லேப்டாப்பில் ரேம் நிரம்பி வழிய, விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். அங்கே டிஸ்க் 100% காட்டுவதற்கு மூலக் காரணம் ரேம் பற்றாக்குறை. எஸ்எஸ்டி போட்டால் அந்த வழிதலின் வலி குறையும், தீராது. முதலில் 4 ஜிபியாவது ஆக்க வேண்டும். எதிர்மாறாக, டிஸ்க் பத்தி பத்து இருபது சதவீதத்தில் இருக்க, சிபியு பத்தி நூறில் நின்றால் எஸ்எஸ்டிக்குக் கொடுக்கும் காசு வீண். விசிறியில் தூசி அடைத்து, சூட்டில் பிராசஸர் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்கிறதா என்று பார்ப்பது அதைவிட மலிவு.

நம் லேப்டாப்பில் ரேம் 4 ஜிபி, பாதிக்குமேல் நிரம்பியிருந்தாலும் வழியவில்லை. டிஸ்க்தான் நூறில். அடுத்து அந்த ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. CrystalDiskInfo என்ற இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப்பற்றி வைத்திருக்கும் குறிப்பேட்டைப் படித்துக் காட்டும். அதில் முக்கியமானவை இரண்டு வரிகள். 05 என்ற எண்ணுள்ள வரி, கெட்டுப்போனதால் ஒதுக்கிவைத்து மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளைச் சொல்வது. C5 என்பது படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் பகுதிகள். இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் நிம்மதி. இந்த டிஸ்க்கில் C5 பூஜ்ஜியம் இல்லை, மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வந்தது. மெதுவானதற்கு இதுவும் ஒரு காரணம். படிக்க முடியாத இடத்தில் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பல நொடிகள் சிக்கிக்கொள்ளும், அதுவரை லேப்டாப் உறைந்து நிற்கும்.

இது திட்டத்தையே மாற்றியது. பழைய டிஸ்க் நலமாக இருந்தால் குளோன் செய்வதுதான் சுலபம். சாட்டாவை யுஎஸ்பியாக்கும் ஒரு கேபிளில் புது எஸ்எஸ்டியை மாட்டி, விண்டோஸ், கோப்புகள், பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அச்சுப்பிசகாமல் நகலெடுக்கலாம். எஸ்எஸ்டி கம்பெனிகளே அதற்கான மென்பொருளை இலவசமாகத் தருவதுண்டு, குளோன்ஸில்லா என்ற பொது மென்பொருளும் இருக்கிறது. பழைய டிஸ்க் 500 ஜிபியாக இருந்து புதியது 240 ஜிபியாக இருந்தாலும், உள்ளே நிரம்பியிருப்பது 120 ஜிபிதான் என்றால் கம்பெனி மென்பொருள்கள் பிரிவுகளைச் சுருக்கிக் கொண்டுவந்துவிடும். குளோன்ஸில்லா பொதுவாக இதில் பிடிவாதம் பிடிக்கும், பிரிவை முன்பே கையால் சுருக்க வேண்டும். ஆனால் C5 ஏறிய டிஸ்க்கைக் குளோன் செய்ய முயன்றால் கெட்ட பகுதியில் நகலெடுப்பு நின்றுவிடும். சில சமயம் அந்த முழுநீள வாசிப்பின் சிரமமே டிஸ்க்கைக் கொன்றுவிடும். அதனால் முதலில் வேண்டிய கோப்புகளை மட்டும், புகைப்படங்கள், சான்றிதழ்கள் என்ற முன்னுரிமையில், பென் டிரைவுக்கு எடுத்தோம். புது எஸ்எஸ்டியில் எல்லாம் புதிதாகப் போடுவது என்று முடிவு.

இனி வாங்குவது. சென்னை ரிச்சி தெருவிலோ ஊர்க் கடையிலோ விலை கேட்டால் முதலில் ஒரு வியப்பு காத்திருக்கும். சிறிய ஹார்ட் டிஸ்க் மலிவாக இல்லை. காரணம் எளிது. எத்தனை ஜிபியாக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு மோட்டார், ஒரு கை, ஒரு தலை, ஒரு தட்டு, அடைத்துச் சீல் வைத்த ஒரு பெட்டி வேண்டும். அதற்குக் கீழே விலை இறங்காது. எஸ்எஸ்டியில் அந்த அடிப்படைச் செலவு குறைவு, சில்லுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப விலை ஏறும். அதனால் 240 ஜிபி அளவில் எஸ்எஸ்டி மலிவு, 500 ஜிபி வாக்கில் இரண்டும் நெருங்கி வரும், 2 டிபிக்கு மேல் போனால் ஹார்ட் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும் அளவு மலிவு. இந்தச் சந்திப்புப் புள்ளி நிலையானதல்ல. 2025இன் பிற்பகுதியிலிருந்து டேட்டா சென்டர்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டுபோக, எஸ்எஸ்டி விலை ஏறியது. ஆகவே ரூபாய்க் கணக்கை இங்கே எழுதிவைப்பதில் பயன் இல்லை. கடையில் சொல்லும் விலையை ஜிபியால் வகுத்துப் பாருங்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒரு ஜிபி என்ன விலை என்பதல்ல, எனக்கு எத்தனை ஜிபி வேண்டும் என்பது. சி டிரைவில் இப்போது நிரம்பியிருப்பது எவ்வளவோ அதன் இரு மடங்கு போதும். 240 என்று வாங்கியது கணினியில் 223 என்று தெரியும், 500 என்பது 465. ஏமாற்று அல்ல. கம்பெனி ஆயிரங்களாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது.

பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் உட்காருவது இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி. அதைத்தான் வாங்க வேண்டும். சூயிங்கம் பட்டை போல நீளமாக இருக்கும் எம்.2 வகை எஸ்எஸ்டியைக் காட்டி, “இதுவும் போகும்” என்றால், லேப்டாப்பில் அதற்கான இடம் உண்டா, இருந்தால் அது சாட்டா பேசுமா என்விஎம்இ பேசுமா என்று அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்க்காமல் தலையாட்டக் கூடாது. சாட்டா மட்டும் பேசும் எம்.2 துளையில் என்விஎம்இ பட்டை சில சமயம் ஒழுங்காகவே உட்காரும், திருகும் பூட்டும், ஆனால் பயாஸில் அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியாது.

ஆன்லைனில் நம்ப முடியாத விலைக்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று வருபவை உண்டு. பெட்டியைப் பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு ஒட்டியிருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லும்படி அதைத் திருத்தியிருப்பார்கள். நிரப்பிக்கொண்டே போனால் பழைய கோப்புகளின்மேல் புதியவை ஏறி எல்லாம் பாழாகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருள் முழுக் கொள்ளளவையும் எழுதித் திரும்பப் படித்துச் சொல்லிவிடும். தெரியாத இடத்தில் வாங்கினால் முதல் நாளே அதை ஓட்டிப் பாருங்கள்.

தம்பிக்கு 480 ஜிபி சாட்டா ஒன்று வாங்கினோம். மாட்டுவது அரை மணி நேர வேலை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தைத் தீர்த்துவிட்டு, அடி மூடியின் ஸ்க்ரூக்களை எடுத்தால் ஹார்ட் டிஸ்க் தெரியும். அதைப் பிடித்திருக்கும் தகரச் சட்டத்தோடு பக்கவாட்டில் இழுக்க வேண்டும், மேலே தூக்கக் கூடாது. சட்டத்திலிருந்து டிஸ்க்கைப் பிரித்து அதே சட்டத்தில் எஸ்எஸ்டியைப் பூட்டித் திரும்பத் தள்ளினால் முடிந்தது. பழைய டிஸ்க்குகள் சில 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. இடைவெளி இருந்தால் மேலே ஒட்டும் பிளாஸ்டிக் சட்டம் சில பெட்டிகளிலேயே வரும். அது இல்லாமல் விட்டால் எஸ்எஸ்டி உள்ளே ஆடி, இணைப்பு விட்டு விட்டுப் போகும். லேப்டாப் எப்போதாவது எழும்பாமல் போவதற்கு இது ஒரு காரணம், பலர் எஸ்எஸ்டியைக் குறை சொல்வார்கள்.

எந்த இயங்குதளம் போடுவது என்பதுதான் சங்கடமான இடம். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எஸ்எஸ்டி போட்டதால் இந்த நிலை மாறாது. வீட்டில் பிரவுசர், தமிழ்த் தட்டச்சு, வீடியோ இவ்வளவுதான் தேவை என்றதால் லினக்ஸ் மின்ட் போட்டோம். இப்போது பொத்தானை அழுத்தி பிரவுசர் திறக்க அரை நிமிடத்துக்கும் கீழே. வரி கட்டும் மென்பொருள், டேலி, அலுவலகத்துக்கான ஏதாவது கட்டாயம் விண்டோஸில்தான் ஓடும் என்பவர்கள் இந்தக் கணக்கை எஸ்எஸ்டி வாங்குமுன்னே போட்டுப் பார்க்க வேண்டும். சில சமயம் அந்தப் பணத்தைப் புது லேப்டாப்புக்குச் சேர்ப்பதே சரி.

விண்டோஸில் எஸ்எஸ்டி மாட்டியவர்கள் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

என்டிஎஃப்எஸ் வரியில் 0 என்று வந்தால் டிரிம் என்ற ஏற்பாடு இயங்குகிறது. இதன் வேலை என்ன என்பதற்கு ஃபிளாஷின் ஒரு விநோதத்தைச் சொல்ல வேண்டும். ஃபிளாஷ் அறைகளில் எழுதியதன்மேல் எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது சின்னப் பக்கம் பக்கமாக, அழிப்பதோ பல நூறு பக்கங்கள் கொண்ட பெரிய கட்டமாக மட்டும். நீங்கள் ஒரு கோப்பை அழித்தால் விண்டோஸ் அதன் பெயரை மட்டும் நீக்கும். அந்தப் பக்கங்கள் வேண்டாதவை என்று எஸ்எஸ்டிக்குத் தெரியாது, அவற்றையும் சுமந்துகொண்டு கட்டம் கட்டமாக இடம் மாற்றிக்கொண்டிருக்கும். டிரிம்தான் அந்தச் செய்தியைச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் எஸ்எஸ்டி நாளாக ஆக மந்தமாகும், தேய்மானமும் கூடும்.

தேய்மானம் என்றதும் பயப்படுபவர்கள் உண்டு. ஃபிளாஷ் அறையை ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் அதன் காப்புச் சுவர் கொஞ்சம் பழுதாகும் என்பது உண்மை. அதற்காகத்தான் எஸ்எஸ்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எல்லா அறைகளுக்கும் வேலையைச் சமமாகப் பங்கிடுகிறது. எவ்வளவு எழுதலாம் என்பதைக் கம்பெனிகள் டிபிடபிள்யூ என்ற எண்ணாகச் சொல்கின்றன. மலிவான 480 ஜிபி வகைகளில் இது 120 டிபி போல இருக்கும். வீட்டு லேப்டாப்பில் ஒரு நாளைக்கு 15 ஜிபி எழுதினாலே அதிகம். ஆண்டுக்கு ஐந்தரை டிபி. 120 டிபியைத் தீர்க்க இருபது ஆண்டுக்கு மேல். அதற்கு வெகுமுன்னே லேப்டாப்பின் கீல் உடைந்திருக்கும்.

அடி தாங்குவதில் போட்டியே இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் தலை சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை மேஜையில் சற்றுத் தடாலென்று வைத்தாலும் தலை தட்டை உரசலாம். பேருந்தில் மடியில் வைத்து வேலை செய்பவர்கள், சின்னக் குழந்தைகள் உள்ள வீடு, இவர்களுக்கு வேகத்தைவிட இதுவே எஸ்எஸ்டிக்கு மாறப் பெரிய காரணம். பேட்டரி நிறைய மிச்சமாகும் என்று சொல்லப்படுவதை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் முழு வேலையிலும் இரண்டு வாட் அளவில்தான் குடிக்கிறது. திரையும் பிராசஸரும்தான் பேட்டரியைத் தின்பவை.

ஆனால் எஸ்எஸ்டி சாகும் விதம் வேறு. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகும். டிக் டிக் என்ற சத்தம், மெதுவாவது, C5 எண் ஏறுவது என்று வாரக்கணக்கில் அவகாசம் கிடைக்கலாம். எஸ்எஸ்டியில் பல சமயம் கட்டுப்பாட்டுச் சில்லோ அதன் உள்மென்பொருளோ போய்விடும். நேற்று இரவு நன்றாக இருந்தது, இன்று காலை பயாஸிலேயே காணோம். சத்தம் இல்லை, எச்சரிக்கை இல்லை. தரவு மீட்புக் கடைக்குக் கொண்டுபோனாலும் சிரமம்தான். தரவு பல சில்லுகளில் சிதறி, பெரும்பாலும் சங்கேதமாகவே எழுதப்பட்டிருக்கும். அதைச் சேர்த்துப் படிக்கத் தெரிந்தது செத்துப்போன அந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுக்கு மட்டும். டிரிம் இயங்கும் எஸ்எஸ்டியில் தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டாலும் கதை அதேதான். ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததை ரெகுவா போன்ற மென்பொருள்கள் பலமுறை மீட்டுத் தந்திருக்கின்றன, ஏனென்றால் மேலே வேறு எழுதும்வரை பழையது தட்டிலேயே கிடக்கும். டிரிம் செய்தி போன எஸ்எஸ்டியில் சிறிது நேரத்தில் அந்த இடம் வெறுமையாகப் படிக்கும்.

இன்னொன்று, அறைகளில் அடைபட்ட எலெக்ட்ரான்கள் கசியக்கூடியவை. மின்சாரம் கிடைக்கும்போது எஸ்எஸ்டி தன்னைக் கவனித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் பீரோவில் கிடந்தால் அந்தக் கவனிப்பு இல்லை, சூடு கூடினால் கசிவும் கூடும். ஜெடெக் என்ற தொழில்துறை அமைப்பின் அளவுகோல்படி, சொல்லப்பட்ட டிபிடபிள்யூ முழுதும் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி செல்சியஸில் ஓர் ஆண்டு தரவைக் காத்தால் போதும். புதிய எஸ்எஸ்டி அதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனாலும் கல்யாண ஆல்பத்தைப் போட்டு மறந்துவிடும் இடம் அதுவல்ல. தட்டில் காந்தமாகப் பதிந்த தரவு இந்த விஷயத்தில் பொறுமைசாலி. மெதுவாக இருந்தாலும் மலிவு, அதிகக் கொள்ளளவு, பீரோவில் ஆடாமல் அசையாமல் கிடப்பது: ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்ற வேலை இப்போது இதுதான்.

அதனால் லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். CrystalDiskInfo நீல நிறத்தில் நலம் என்று சொன்னால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி பெட்டிக்குள் போட்டால் அதுவே பேக்கப் டிஸ்க். டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தோடு ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே வைக்கவும் வழி உண்டு. ஆனால் பேக்கப் லேப்டாப்புக்குள்ளேயே இருந்தால் லேப்டாப் திருட்டுப் போகும்போது அதுவும் சேர்ந்து போகும். வெளிப் பெட்டிதான் நல்லது. எங்கள் தெருத் தம்பியின் டிஸ்க்குக்கு அந்த மறுவாழ்வு கிடைக்கவில்லை. C5 ஏறிய டிஸ்க்கில் பேக்கப் வைப்பது பேக்கப்பே அல்ல. பென் டிரைவில் எடுத்த படங்களை இன்னொரு பிரதியாக அக்காவின் கணினியில் போட்டுவிட்டு, பழைய டிஸ்க்கின் மூடியைத் திறந்து தட்டை வெளியே எடுத்தோம். அது கண்ணாடித் தட்டு, கொஞ்சம் வளைத்ததும் பொடிப்பொடியாக உடைந்தது. கையுறை போட்டிருந்தது நல்லதாயிற்று.